ஏழாம் அத்தியாயம்: கிரைண்டரின் கையேட்டை வாசித்து அதன்படி நடத்தல்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களில் ஆட்டுரல் முற்றத்து மூலைக்குப் போய், அதன் இடத்தில் மேஜைக் கிரைண்டர் வந்து உட்கார்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றைக் குடும்ப அட்டைதாரர்களுக்கு விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியபின், அதுவரை கையாலேயே மாவாட்டிவந்த கிராமத்து வீடுகளிலும் இந்த யந்திரம் பிரவேசித்தது. யந்திரம் அடுப்பங்கரைக்குச் சென்றது; அதனுடன் வரும் சிறு கையேடோ பெரும்பாலான வீடுகளில் அட்டைப்பெட்டியுடன் பரண்மேல் ஏறிவிட்டது. அந்தக் கையேட்டைக் கீழே இறக்கித் தூசி தட்டி எடுத்து, அதில் எழுதியுள்ளவற்றை இந்தக் கரிசல் மண்ணில், இந்த வெயிலில், இந்த மின்சாரத்தில் எவ்வாறு நிறைவேற்றுவது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

வாக்கியங்களை வகைப்படுத்திக்கொள்ளுதல்

கையேட்டில் உள்ள வாக்கியங்கள் யாவும் ஒரே தன்மையுடையவை அல்ல. ‘நீர் ஊற்றுக’, ‘மூடியைப் பொருத்துக’ என்று ஏவுகின்ற வாக்கியங்கள் உண்டு. ‘ஈரக்கையால் தொடாதீர்’, ‘தண்ணீரில் அமிழ்த்தக் கூடாது’ என்று விலக்குகின்ற வாக்கியங்கள் உண்டு. இவ்விரண்டிலும் குழப்பம் நேர்வதில்லை. ஏனெனில் கட்டளை இடப்படுவது வாசிக்கின்ற நமக்கே என்பது வெளிப்படை. மூன்றாவது வகையாகிய ‘செய்யப்பட’ என்னும் செயப்பாட்டு வாக்கியமே ஆபத்தானது. அதில் செய்பவர் யார் என்பது சொல்லப்படுவதில்லை. சொல்லப்படாமையால் அது வேறு யாரோ செய்ய வேண்டிய காரியம், அல்லது முன்னமே யாரோ செய்து முடித்த காரியம் என்று எண்ணி நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். எனவே ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

1. கையேடு முழுவதையும் ஒரு தடவை வாசித்து, ‘பட’ என்று வரும் வினைகளின் கீழெல்லாம் கோடிடுங்கள்.
2. ‘பொருத்தப்பட்டுள்ளது’, ‘அமைக்கப்பட்டுள்ளது’ என்று முடிந்தால், அது தொழிற்சாலையில் நடந்தேறிவிட்ட காரியம். அந்த உறுப்பைத் திருகவோ மாற்றவோ நமக்கு வேலையில்லை. பக்கத்தில் ‘ஆ’ என்று எழுதுங்கள்.
3. ‘துடைக்கப்பட வேண்டும்’, ‘நிறுத்தப்பட வேண்டும்’ என்று முடிந்தால், அது இனி நடக்கவேண்டிய காரியம், செய்யவேண்டியவர் நீங்கள். ‘நா’ என்று எழுதுங்கள்.
4. ‘இணைக்கப்பட்டிருக்க வேண்டும்’ என்று ‘இருக்க’ இடையில் வந்தால், யந்திரத்தை ஓட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கவேண்டிய காரியம் அது. தொழிற்சாலை அதைச் செய்யவில்லை, செய்யவும் இயலாது. நீங்களோ, உங்களுக்கு முன் அந்த வீட்டைக் கட்டியவரோ செய்திருக்க வேண்டும். செய்யப்பட்டிருக்கிறதா என்று சோதிப்பது உங்கள் பொறுப்பு. இதன் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி இடுங்கள்.

இப்படிக் கேள்விக்குறி இட்ட வாக்கியம் கையேட்டில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஆயினும் கிரைண்டரால் மரணம் சம்பவிக்கிறதென்றால், பெரும்பாலும் அந்த வாக்கியங்களில் ஒன்றன் வழியாகவே சம்பவிக்கிறது.

செய்பவர் யார் என்பதைச் செயப்பாட்டு வாக்கியமே வெளிப்படையாகக் கூறுகிற இடமும் ஒன்று உண்டு. மின்கம்பி சேதமுற்றால் அது உற்பத்தியாளராலோ, அவருடைய சேவை நிலையத்தாராலோ, அதற்கொத்த தகுதியுடையவராலோ மாற்றப்பட வேண்டும் என்னும் பொருள்பட ஒரு வரி, எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இருக்கும். அங்கே ‘நீங்கள்’ இல்லை என்பதைக் கவனியுங்கள். எலி கடித்த கம்பியை அறுத்து, இரண்டு முனைகளையும் முறுக்கி, டேப் சுற்றிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அப்படி முறுக்குகிறவர் சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்துவிட்டுப் பச்சைக் கம்பியை விட்டுவிடுவதும் உண்டு. யந்திரம் அதன்பின்னும் ஓடும். ஓடுவதனாலேயே தவறு தெரியாது. அந்தப் பச்சைக் கம்பியே (சில கம்பிகளில் பச்சையும் மஞ்சளும் கலந்திருக்கும்) எர்த் கம்பி.

எச்சரிக்கைச் சொற்களின் தரம்

‘அபாயம்’, ‘எச்சரிக்கை’, ‘கவனம்’ என்னும் மூன்று சொற்களும் அலங்காரத்துக்காக மாற்றி மாற்றி இடப்பட்டவை அல்ல. ‘அபாயம்’ என்றிருந்தால், மீறினால் உயிர்ச்சேதம் அல்லது கடுங்காயம் நிச்சயம் என்பது பொருள். ‘எச்சரிக்கை’ என்றால் அவை நேரக்கூடும். ‘கவனம்’ என்றால் சிறு காயம் நேரக்கூடும். தமிழாக்கம் அவசரமாகச் செய்யப்பட்ட கையேடுகளில் இம்மூன்றும் ‘எச்சரிக்கை’ என்றே அச்சாகியிருக்கக் காணலாம். அத்தகைய கையேட்டில் சொல்லை நம்பாமல் பொருளை நோக்குங்கள்: மின்சாரம், தண்ணீர், சுழலும் கல் ஆகிய மூன்றில் எதைப் பற்றிய வரியாயினும் அதை ‘அபாயம்’ என்றே கொள்ளுங்கள்.

தகட்டைப் பார்த்தல்

கிரைண்டரின் அடியிலோ பின்புறத்திலோ சிறு தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பவற்றுடன் வாட் அளவும், தொடர்ச்சியாக ஓட்டக்கூடிய நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு லிட்டர் மேஜைக் கிரைண்டரில் சாதாரணமாக 150 வாட் மோட்டார் இருக்கும். ஓட்ட நேரம் பலவற்றில் 30 நிமிஷம் என்றிருக்கும். உங்கள் யந்திரத்தின் தகட்டில் எது இருக்கிறதோ அதுவே உங்களுக்குச் சட்டம்.

ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த அடையாளம் தகட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், அந்தச் சாதனம் இரட்டைக் காப்பு உடையது. அதற்கு எர்த் தேவையில்லை. கிரைண்டர்களில் சாதாரணமாக அந்த அடையாளம் இருக்காது. மூன்று பின் பிளக்கே இருக்கும். அடையாளம் இல்லாத பட்சத்தில், கேள்விக்குறி இட்ட வாக்கியத்துக்கு இப்பொழுது போகவேண்டும்.

‘எர்த் இணைப்பு அளிக்கப்பட்டிருக்க வேண்டும்’

எட்டயபுரம் சாலையோரத்து வீடொன்றில், கிரைண்டரின் எஃகு உடம்பைத் தொடும்போதெல்லாம் விரல் நுனியில் சுருக்கென்றிருப்பதாகச் சொல்லக் கேட்டேன். “லேசாத்தான் சுர்ருங்கும்ண்ணே, செருப்புப் போட்டுக்கிட்டு நின்னா ஒண்ணும் செய்யாது” என்று அந்த வீட்டு அம்மாள் சொன்னார். பிளக்கைப் பார்த்தேன்; அதன் பெரிய பின் அறுக்கப்பட்டிருந்தது. சுவரில் இரண்டு துளைச் சாக்கெட்டுதான் இருந்தமையால், அதில் நுழையவேண்டும் என்பதற்காக அறுத்துவிட்டார்கள். “அந்தப் பின் சும்மாதானேண்ணே, அதுல கரண்ட் வராதே” என்றார்.

அவர் கூறியதில் பாதி உண்மை. அந்தப் பின்னில் கரண்ட் வரக்கூடாது. உடம்பில் கசிகிற கரண்ட் போவதற்கென்றே அது இருக்கிறது. மற்ற இரண்டு பின்களைவிட அது நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு: பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் பிரியவும் வேண்டும். செருப்பைப் பொறுத்தவரை, அடுப்பங்கரையின் ஈரத் தரையில் நனைந்த செருப்பு எவ்வளவு காக்கும் என்று யாரும் உறுதி கூற முடியாது. மேலும் ஒரு கை யந்திரத்திலும் மறுகை தண்ணீர்க் குழாயிலும் இருக்கும்போது கரண்ட் காலைத் தேடிப் போவதில்லை, நெஞ்சின் வழியாகவே கடந்துவிடும்.

பின் முழுமையாக இருப்பது மட்டும் போதாது. அதனோடு சேர்ந்த கம்பி மண்ணுக்குள் ஸ்திரமாக இறங்கியிருக்கவேண்டும். கரிசல் மண்ணின் விசேஷ குணத்தை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து நனைந்தபோது இந்த மண் உப்பிக்கொண்டு எர்த் குழாயை இறுகக் கவ்விக்கொள்ளும். அப்போது கரண்ட் வெகு சுலபமாக மண்ணுக்குள் இறங்கும். மாசி, பங்குனி கடந்து சித்திரை வெயில் ஏறியதும் அதே மண் சுருங்கி, பாளம் பாளமாக வெடித்து, குழாயைச் சுற்றிலும் விரல் நுழையும் அளவுக்கு விலகிவிடும். குழாய் குழியில் நிற்கும், மண்ணைத் தொடாது. மழைக்காலத்தில் நல்ல எர்த் என்று சோதித்து எழுதிவைத்த வீடே கோடையில் எர்த் இல்லாத வீடாக மாறுவது இதனாலேதான்.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்குகிறேன். கிரைண்டருக்குள் ஒரு கம்பியின் காப்பு உரிந்து உடம்பைத் தொட்டுவிட்டதாகக் கொள்வோம். எர்த்தின் தடை 5 ஓம் என்றால், 230-ஐ 5-ஆல் வகுக்க, 46 ஆம்பியர் கரண்ட் மண்ணுக்குள் பாயும். வீட்டு ஃப்யூஸ் உடனே எரிந்து, ஆபத்து நீங்கிவிடும். வெடித்துக் காய்ந்த மண்ணில் அதே எர்த்தின் தடை 100 ஓம் ஆகிவிட்டால், பாய்வது 2.3 ஆம்பியர்தான். ஃப்யூஸுக்கு அது ஒரு பொருட்டே அல்ல; எரியாது. யந்திரத்தின் உடம்போ ஏறக்குறைய 230 வோல்ட்டில், தொடுகிறவரை எதிர்பார்த்தபடி நிற்கும்.

ஆகையால் இந்தப் பிரதேசத்தில் கேள்விக்குறி வாக்கியத்துக்கு விடை காணும் முறை வருமாறு.

1. கிரைண்டரை வைக்கும் இடத்தில் மூன்று துளைச் சாக்கெட்டு இருக்கவேண்டும். இரண்டு பின் அடாப்டரைப் பயன்படுத்தாதீர்கள்; பின்னை அறுக்காதீர்கள். அறுக்கப்பட்டிருந்தால் புதிய பிளக்கை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுங்கள்.
2. எர்த் குழி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். வீட்டின் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ இரும்புக் குழாயின் வாய் தெரியவேண்டும். எங்கும் தெரியாவிட்டால், இல்லை என்றே கொள்ளுங்கள்.
3. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, எர்த் டெஸ்டர் கருவியால் தடையை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அளக்கும் காலம் சித்திரை அல்லது வைகாசி. மழை முடிந்த தை மாதத்தில் அளந்தால் வரும் நல்ல எண் உங்களை ஏமாற்றிவிடும்.
4. புதிதாகக் குழி தோண்ட நேர்ந்தால், குளியலறைத் தண்ணீரோ பாத்திரம் கழுவும் தண்ணீரோ எப்போதும் கசிகிற இடத்துக்கு அருகில் தோண்டச் செய்யுங்கள். குழாய் நாகமுலாம் பூசியதாகவும், குறைந்தது 2.5 மீட்டர் நீளமுள்ளதாகவும் இருத்தல் வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி இடப்பட வேண்டும். கரிசலுக்கு அடியில் சுக்கான் தட்டினால் வேலையாள் குழாயின் மேற்பகுதியை அறுத்துவிட விரும்புவார், சம்மதிக்காதீர்கள். வேறு இடத்தில் தோண்டச் சொல்லுங்கள்.
5. மாசி முதல் மழை வரும் வரை வாரத்துக்கு ஒரு நாள், குழாயின் வாயிலும் சுற்றியுள்ள வெடிப்பிலும் இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரே போதும், குடிதண்ணீரை வீணாக்கவேண்டியதில்லை.
6. மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தச் செய்யுங்கள். மேலே சொன்ன கணக்கில் ஃப்யூஸை எரிக்க இயலாத 2.3 ஆம்பியர், இந்தச் சிறு கருவி விழுவதற்கு வேண்டிய அளவைப்போல் எழுபது மடங்குக்கும் அதிகம். கண்ணிமைக்கும் நேரத்தில் அது கரண்டைத் துண்டித்துவிடும். எர்த் கோடையில் பலவீனப்படும் மண்ணுக்கு இதைவிடத் தக்க துணை இல்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று குறித்த சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள், உடனே விழவேண்டும். விழாவிட்டால் கருவியை மாற்றவேண்டும். ஆனால் அந்தப் பொத்தான் கருவியைத்தான் சோதிக்கிறது, எர்த் குழியைச் சோதிப்பதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

முதல் நாள் மாவாட்டுதல்

புதிய கற்களில் கொத்திய துகள் ஒட்டியிருக்கும். எனவே முதலில் ஒரு பிடி ஊறிய அரிசியைத் தண்ணீருடன் சில நிமிஷங்கள் ஓடவிட்டு, அந்த மாவைக் கொட்டிவிட்டு, பாத்திரத்தையும் குழவிகளையும் கழுவுங்கள். நீண்ட காலம் சும்மா கிடந்த கிரைண்டருக்கும் இதையே செய்யலாம்.

இரண்டு லிட்டர் கிரைண்டரில் இட்லிக்கு ஆட்டும் முறையை முழுமையாகத் தருகிறேன். புழுங்கலரிசி 4 ஆழாக்கு, தோலுரித்த உளுந்து 1 ஆழாக்கு, வெந்தயம் அரைத் தேக்கரண்டி. அரிசியை நான்கு மணி நேரமும், உளுந்தையும் வெந்தயத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரமும் தனித்தனியே ஊறவையுங்கள். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில், கடைசியாகக் களைந்து ஊறப்போடும் தண்ணீராவது குடிதண்ணீராக இருக்கட்டும். கையேட்டில் அதிகபட்சத் தானிய அளவு தனியே குறித்திருக்கும். பாத்திரத்தின் லிட்டரும் அதுவும் ஒன்றல்ல. இந்த அளவு இரண்டு லிட்டர் பாத்திரத்துக்குள் அடங்கும். இருப்பினும் உங்கள் கையேடு குறைவாகச் சொன்னால் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. பிளக் சுவரில் செருகப்படாத நிலையில் பாத்திரத்தை அதன் இருக்கையில் வையுங்கள்; குழவிகளைத் தாங்கும் சட்டத்தைப் பொருத்தி, பூட்டு விழுந்ததா என்று அசைத்துப் பாருங்கள்.
2. கிரைண்டர் நிற்கும் மேடை சமமாகவும், உலர்ந்ததாகவும், சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியும் இருக்கட்டும். மோட்டாருக்குக் காற்று புகும் துளைகளின்மேல் துணி தொங்கக்கூடாது.
3. கையைத் துடைத்துக்கொண்டு பிளக்கைச் செருகுங்கள். முந்தானையை இடுப்பில் செருகுங்கள். அவிழ்ந்த கூந்தலை முடியுங்கள். தளர்ந்த வளையல்களைக் கழற்றிவையுங்கள்.
4. பாத்திரத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை விட்டு, தானியம் இல்லாமலே சுவிட்சைப் போடுங்கள். கல் சுழலத் தொடங்கியபின், ஊறிய உளுந்தைப் பிடி பிடியாகப் போடுங்கள்.
5. உளுந்துக்குத் தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தெளியுங்கள். கோடையில் மண்பானைத் தண்ணீரைத் தெளிப்பது நல்லது. மாவு சூடேறினால் உளுந்து பொங்காது. சுமார் 25 நிமிஷத்தில் மாவு வெண்ணெய்போல் திரண்டு, ஒரு துளியைத் தண்ணீரில் இட்டால் மிதக்கும்.
6. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கியபின் உளுந்து மாவை வழித்தெடுங்கள். உடனே அரிசியைப் போட்டுவிடாதீர்கள். தகட்டில் 30 நிமிஷம் என்றிருக்குமானால் அந்தக் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. மோட்டார்ப் பகுதியின் வெளிப்புறம் தொட்டால் சூடு தெரியாத வரை ஓய்வு கொடுங்கள்.
7. பிறகு மறுபடியும் மூன்றாவது படியிலிருந்து தொடங்கி அரிசியை ஆட்டுங்கள்.

இந்த வரிசையில் அதிகமாகத் தவறுவது நான்காவது படி. பாத்திரம் நிறையத் தானியத்தைப் போட்டுவிட்டுச் சுவிட்சைப் போடுவதே வழக்கமாக இருக்கிறது. ஆட்டுரலில் அப்படித்தானே போட்டோம் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆட்டுரலைச் சுற்றுகிற கை பாரத்துக்கு ஏற்ப மெதுவாகத் தொடங்கும். மோட்டாருக்கு அந்த இதம் தெரியாது. நின்ற நிலையிலிருந்து பாரத்தை இழுக்கும்போது பெல்ட் வழுக்கித் தேயும். அல்லது மோட்டார் ‘உம்’ என்று முனகிக்கொண்டே நின்றபடி சூடேறும். மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கும் விசிறியும் ஓடி, வோல்ட்டேஜ் தாழ்ந்திருக்கும் வேளையில் இது இன்னும் விபரீதமாகும். வோல்ட்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் இழுவிசை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். விளக்கு மங்கி எரியும் நேரத்தில் மாவாட்டுவதைக் காலைக்கு ஒத்திப்போடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மாவைத் தள்ளிவிடக் கையை உள்ளே விடாதீர்கள். குழவிக்கும் பாத்திரத்தின் கல்லுக்கும் இடையில் விரல் அகப்பட்டால், சுழற்சி விரலை வெளியே தள்ளாது, உள்ளேதான் இழுக்கும். ஓட்டத்தின்போது எதையும் உள்ளே விடவேண்டாம் என்று கையேடு சொன்னால் கரண்டியும் அதில் அடக்கம். காய்ந்த மிளகாய், மல்லி முதலியவற்றை இதில் பொடிக்கவும் முயலாதீர்கள். இது ஈரமாக அரைப்பதற்கென்றே அமைக்கப்பட்டது. தானியமும் தண்ணீரும் இல்லாமல் ஓடவிட்டால் கல்லோடு கல் உரசித் தேய்ந்து, அடுத்த மாவில் மணல் கடிபடும்.

பாதியில் நின்றால்

கரண்ட் போய்விட்டதென்றால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. நாம் மாவை வழிக்கக் கையை விட்டிருக்கும் சமயம் பார்த்துக் கரண்ட் திரும்பி வருவது வெகு சாதாரணம். கரண்ட் வந்தபின் பாத்திரத்தில் இருக்கும் பாரத்தில் பாதியையாவது வெளியே எடுத்துவிட்டே மறுபடி ஓட்டவேண்டும்.

கரண்ட் இருந்தும் நின்றுவிட்டால், காதும் மூக்குமே காரணத்தைச் சொல்லும். மோட்டாரின் சத்தம் கேட்டுப் பாத்திரம் சுழலாமல், ரப்பர் கருகும் வாசனை வந்தால் பெல்ட் வழுக்குகிறது. முனகல் மட்டும் கேட்டால் பாரம் அதிகம் அல்லது வோல்ட்டேஜ் தாழ்வு. ஒரு சத்தமும் இல்லையென்றால், அளவுமீறிய பாரத்துக்காக அமைக்கப்பட்ட காப்புப் பொத்தான் விழுந்திருக்கலாம்; சில கிரைண்டர்களில் அது அடிப்புறத்தில் சிவப்பாக இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பாரத்தைக் குறைத்து, மோட்டார் ஆறியபின் அதை ஒரு முறை அழுத்தலாம். மறுபடியும் விழுந்தால் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். எரிந்த வாசனையோடு புகையும் தென்பட்டால், பிளக்கைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

தொட்டால் சுருக்கென்றால், எவ்வளவு லேசானதாயினும், அன்றைய மாவு பாதியில் இருந்தாலும், ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். கசிவு தானாகக் குறைந்துவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது.

கழுவுதல்

பிளக்கைப் பிடுங்கிய பிறகே கழுவுதல் தொடங்கவேண்டும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று எண்ணாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்சு தவறான கம்பியில் பொருத்தப்பட்டிருப்பதுண்டு. அங்கே அணைத்த பின்னும் யந்திரத்துக்குள் கரண்ட் நிற்கும். பாத்திரத்தையும் குழவிகளையும் தனியே எடுத்துத் தண்ணீரில் கழுவலாம். மோட்டார் உள்ள அடிப்பாகத்தின்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஈரத்துணியைப் பிழிந்து துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடையுங்கள். பாத்திரம் உட்காரும் தண்டின் அடியில் காய்ந்த மாவு படிந்தால் அங்கே எறும்பும் கரப்பானும் சேர்ந்து, வெகு சீக்கிரம் மோட்டாருக்குள் இறங்கிவிடும். ஆகவே அந்த இடத்தை ஒவ்வொரு தடவையும் துடைத்தல் அவசியம்.

யாராவது அகப்பட்டுக்கொண்டால்

1. அவரைத் தொடாதீர்கள். தொட்டால் இருவரும் அகப்படுவீர்கள்.
2. மெயின் சுவிட்சை அணையுங்கள். ஃப்யூஸ் மட்டும் உள்ள பழைய போர்டாயினும் மெயினில் ஒரு பிடி இருக்கும். அதைக் கீழே இழுங்கள்.
3. மெயின் எட்டாத தூரத்தில் இருந்தால், உலர்ந்த பலகையின்மேல் நின்றுகொண்டு, உலர்ந்த கம்பாலோ மர நாற்காலியாலோ அவரை யந்திரத்திலிருந்து தள்ளிவிடுங்கள். ஈரக் கம்பும் இரும்புக் கரண்டியும் உதவா.
4. 108-ஐ அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால், பழகியவர் இருப்பின் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும்.
5. அவர் எழுந்து உட்கார்ந்து ‘ஒன்றுமில்லை’ என்றாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். இருதயத் துடிப்பின் கோளாறு சில மணி நேரம் கழித்தும் தென்படலாம்.

இவற்றுள் இரண்டாவது படியே மற்ற எல்லாவற்றிலும் முக்கியமானது. அதைச் செய்யவேண்டிய தருணத்தில் தேடிக்கொண்டிருக்க அவகாசம் கிடையாது. பல வீடுகளில் மெயின் எங்கே இருக்கிறது என்பது வீட்டுத் தலைவர் ஒருவருக்கே தெரிந்திருக்கிறது. மாவாட்டுகிற வேளையிலோ அவர் தீப்பெட்டி ஆபீசிலோ காட்டிலோ இருப்பார். ஆகவே இன்று மாலையே வீட்டிலுள்ள பெரியவர்கள், பிள்ளைகள் யாவரையும் மெயின் போர்டுக்கு அழைத்துச் சென்று, எந்தப் பிடியை எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று ஒவ்வொருவரையும் தம் கையாலேயே ஒரு முறை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.